பாரிஸ் கல்லறையும் ஹியூமின் தராசும்

1727 மே 1ஆம் தேதி பாரிஸ் நகரில் பிரான்சுவா த பாரிஸ் என்ற திருத்தொண்டர் காலமானார். வயது 36. வசதியான குடும்பத்தில் பிறந்தவர், கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடுந்தவ வாழ்க்கை வாழ்ந்தவர். அவரைப் புனித மெடார்ட் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாளிலேயே அந்தக் கல்லறையைத் தொட்டவர்களுக்கு நோய் குணமாகிறது என்ற பேச்சு பரவியது. முடவர் நடந்தார், பார்வை போனவருக்குப் பார்வை வந்தது என்றார்கள். 1731 வாக்கில் கூட்டம் நெரிந்தது, கல்லறை மேல் படுத்தவர்கள் உடல் உதறித் துடிப்பதும் அன்றாடக் காட்சியானது. 1732 ஜனவரியில் மன்னர் 15ஆம் லூயியின் அரசு தோட்டத்தை இழுத்துப் பூட்டியது. ‘இவ்விடத்தில் கடவுள் அற்புதம் செய்யக் கூடாது, இது அரசாணை’ என்று யாரோ கேலியாக எழுதிவைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

இதன் பின்னால் ஒரு சண்டை இருந்தது. இறந்தவர் ஜான்சனியர் என்ற கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவின் கருத்துகளைக் கண்டித்து 1713இல் திருத்தந்தை ஓர் ஆணை வெளியிட்டிருந்தார். அதை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். ஆகவே அவருடைய கல்லறையில் ஒரு நோயாளி குணமானால், கடவுள் எந்தப் பக்கம் என்பதற்கு அதுவே தீர்ப்பு என்று அவருடைய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜான்சனியருக்கு நேர் எதிரிகளான இயேசு சபையினருக்கோ அந்தச் செய்தி பொய்யாகவே இருந்தாக வேண்டிய நிலை.

அந்தப் பரபரப்பு அடங்கிய சில ஆண்டுகளில் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் பிரான்ஸின் லா ஃப்ளெஷ் ஊரில் வந்து தங்கினார். 1735இலிருந்து 1737 வரை அங்கே இருந்தார். மெய்யியலாளர் தேகார்த் படித்த இயேசு சபைக் கல்லூரி அந்த ஊரில்தான் இருந்தது. ஒருநாள் அதன் தாழ்வாரத்தில் ஒரு குருவோடு நடந்துகொண்டிருந்தபோது, தங்கள் மடத்தில் அண்மையில் நடந்ததாக ஓர் அற்புதத்தை அந்தக் குரு சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேசும்போதுதான் தன் வாதம் தோன்றியது என்று ஹியூம் பின்னாளில், 1762இல், ஒரு கடிதத்தில் எழுதினார். குரு கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இந்த வாதம் சரியாக இருக்க முடியாது, ஏனென்றால் இது நற்செய்தி நூல்களுக்கு எதிராகவும் அதே அளவுக்குப் போகும்’ என்றாராம். அந்த வாதம் 1748இல் அச்சில் வந்தது. அற்புதங்களைப் பற்றிய அந்தச் சிறிய கட்டுரை, சமய மெய்யியல் படிக்கிறவர்கள் இன்றும் முதலில் மோதிப் பார்க்கும் சுவர்.

வாதத்தின் கரு எளியது. ஒருவர் சொல்வதை நாம் நம்புவது ஏன்? மனிதர்கள் சொல்வதும் நடந்ததும் பெரும்பாலும் பொருந்தியிருப்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறோம். ஆக, சாட்சியத்தின் எடை அனுபவத்திலிருந்து வருகிறது. இயற்கை ஒழுங்கின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையும் அதே அனுபவத்திலிருந்துதான் வருகிறது. அற்புதம் என்றாலே அந்த ஒழுங்கை மீறியது என்று பொருள். ஆகவே அற்புதச் செய்தி வந்தவுடன் தராசின் இரண்டு தட்டிலும் அனுபவமே ஏறி உட்காருகிறது. ஹியூமின் முடிவு இது: அந்தச் சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் நிகழ்ச்சியைவிட இன்னும் பெரிய அற்புதம் என்றால் மட்டுமே அதை ஏற்கலாம்.

அற்புதம் நடக்கவே முடியாது என்று ஹியூம் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். இந்த விதி அப்படிச் சொல்லவில்லை. இரண்டு நடக்கமுடியாமைகளை ஒப்பிட்டு, எது சிறியதோ அதை எடுத்துக்கொள் என்றுதான் சொல்கிறது. அப்படி ஒப்பிட வேண்டுமானால் எண் வேண்டும். போட்டுப் பார்ப்போம்.

குறிப்பிட்ட ஒரு வகை அதிசயக் குணம் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு நடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சாட்சி மிக நம்பகமானவர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்வார். இப்போது அவர் ‘நடந்தது’ என்கிறார். நம்பலாமா? தொண்ணூற்றொன்பது சதவீதம் நம்பலாம் என்றுதான் மனசு சொல்லும். பத்து கோடி பேரை எடுத்து எண்ணிப் பாருங்கள். அவர்களில் 100 பேருக்கு அந்தக் குணம் உண்மையாகவே கிடைத்திருக்கும். அந்த நூறில் 99ஐ நம் சாட்சி சரியாகச் சொல்லிவிடுவார். மீதி 9,99,99,900 பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு ஒருமுறை அவர் தவறுவதால், அவர்களிலும் 9,99,999 பேருக்கு நடந்தது என்று சொல்லிவிடுவார். ஆக, அவர் ‘நடந்தது’ என்று சொன்ன சுமார் பத்து லட்சம் பேரில் 99 பேருக்குத்தான் அது உண்மை. அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. சாட்சி நல்லவர்தான், கவனமானவர்தான். இருந்தும் நிகழ்ச்சியின் அபூர்வம் அவரை அமுக்கிவிடுகிறது. ஹியூம் எண்ணே இல்லாமல் சொன்னது இதைத்தான்.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இதே கணக்கை வைத்தே ஹியூமைப் பிடித்தார் ரிச்சர்ட் பிரைஸ். வேல்ஸில் பிறந்த போதகர், கணிதத்தில் வல்லவர். தாமஸ் பேய்ஸ் 1761இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து நிகழ்தகவு பற்றிய கட்டுரையை எடுத்து, 1763இல் வெளிவரச் செய்தவர் இவர்தான். 1767இல் அவர் எழுப்பிய கேள்வி இந்தத் திசையில் போகிறது. பத்து லட்சம் சீட்டுகள் உள்ள லாட்டரியில் 4,72,913ஆம் எண்ணுக்குப் பரிசு என்று செய்தித்தாள் போடுகிறது. அந்தக் குறிப்பிட்ட எண் விழுந்திருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. செய்தித்தாளும் நூற்றில் ஒருமுறை தவறும் ரகம்தான். மேலே போட்ட கணக்குப்படி செய்தியை நம்பவே கூடாது. ஆனால் நாம் எல்லாரும் தயங்காமல் நம்புகிறோம், நம்புவதும் சரிதான். அப்படியானால் கணக்கு எங்கே உடைகிறது?

கணக்கு உடையவில்லை. ஓர் எண்ணை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். செய்தித்தாள் தவறும்போது அது எந்தத் தவறான எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்த ஒரு சதவீதத் தவறு 9,99,999 எண்களுக்கும் பரவிக் கிடக்கிறது. 4,72,913க்குப் பரிசு விழாமலே அந்த எண்ணை அச்சடிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்தைப் பத்து லட்சத்தால் வகுத்தால் வரும் துளி. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அபூர்வத்தை அந்தத் துளி அப்படியே அடித்துவிடுகிறது, செய்தித்தாள் பழையபடி தொண்ணூற்றொன்பது சதவீதம் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘இந்தச் சாட்சி எவ்வளவு நல்லவர்?’ என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். ‘ஒன்றுமே நடக்காமல் இருந்திருந்தாலும், இதே கதை இவர் வாயில் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?’ என்பது மீதிப் பாதி. லாட்டரி எண்ணைத் தப்பாகச் சொல்ல ஆயிரமாயிரம் வழி உண்டு, அதில் எந்த எண்ணின் மேலும் யாருக்கும் ஆசை இல்லை. புனித மெடார்ட் கல்லறைக்கு வருகிறவர்கள் மனதில் இருப்பதோ ஒரே கதை, குணமாகும் கதை. நோயாளி அதை வேண்டுகிறார், உறவினர் எதிர்பார்க்கிறார், கட்சிக்காரர்களுக்கு அது தேவைப்படுகிறது. தவறு நடந்தால் அது பரவலாகச் சிதறாது, அந்த ஒரே கதையின் மேல்தான் போய் விழும். வியப்பில் மனிதருக்கு இருக்கும் ருசி எப்படிச் சாட்சியத்தைக் கோணலாக்குகிறது என்று ஹியூம் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் எழுதியது இதைப் பற்றித்தான். ஆக, பிரைஸின் எதிர்வாதம் ஹியூமைக் கவிழ்க்கவில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஹியூம் முதல் பகுதியிலேயே வழக்கை முடித்துவிட்டதாக நினைத்தாரே, அது முடியவில்லை என்று காட்டிவிட்டது. ஹியூமும் பெருந்தன்மையானவர். இந்தக் கோணம் புதியது, ஒருவேளை சரியாகவும் இருக்கலாம், எடைபோட்டுப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று 1767இல் பிரைஸுக்கே எழுதினார்.

அடுத்து, ஒரு சாட்சி போதாவிட்டால் பல சாட்சிகள் போதாதா? கணிப்பொறியின் முன்னோடியாக நாம் அறிந்த சார்லஸ் பாபேஜ் 1837இல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். நம் எண்களையே வைத்துக்கொள்வோம். ஒரு சாட்சி சொன்னால் பத்தாயிரத்தில் ஒன்று. அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொருவர், அதே நம்பகம் உள்ளவர், அதையே சொன்னால் நூற்றில் ஒன்று. மூன்றாமவரும் சொன்னால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நாலாமவரும் சொன்னால் தொண்ணூற்றொன்பது சதவீதம் ஆகிவிடும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற அபூர்வத்தை நாலே பேர் தூக்கிவிடுகிறார்கள். இந்த வேகம் என்னை இன்றும் திகைக்க வைக்கிறது. எந்தச் சாட்சியமும் போதாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் சாராதவர்களாக இருக்க வேண்டும். இரண்டாமவர் முதலாமவரிடம் கேட்டுச் சொல்கிறார் என்றால் எடை கூடாது. நாலு பேரும் ஒரே கூட்டத்தில் ஒரே எதிர்பார்ப்போடு நின்றவர்கள் என்றாலும், ஒருவரைத் தவறவைத்த காரணமே மற்றவரையும் தவறவைக்கும். அப்படி ஆயிரம் பேர் சொன்னாலும் பத்தாயிரத்தில் ஒன்று என்ற இடத்துக்குப் பக்கத்திலேயேதான் நிற்போம்.

ஹியூமுக்கும் இது தெரியாமல் இல்லை. அவருடைய கட்டுரையிலேயே ஒரு கற்பனை உதாரணம் வருகிறது. 1600 ஜனவரி 1 முதல் எட்டு நாள் பூமி முழுக்க இருட்டாக இருந்தது என்று எல்லா மொழி ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளும் சிறு மாற்றம்கூட இல்லாமல் அதையே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அதை ஏற்று, காரணம் தேட வேண்டியதுதான் என்கிறார். உடனே அடுத்த உதாரணம். எலிசபெத் ராணி அதே தேதியில் இறந்து, ஒரு மாதம் கழித்து எழுந்து வந்து மூன்று ஆண்டு ஆண்டதாக ஆங்கில வரலாற்றாசிரியர் எல்லாரும் எழுதினாலும் நம்ப மாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவர் தெளிவாக விளக்குவதில்லை. என் பார்வையில், முதலாவதில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகள் தனித்தனியாகச் சொல்கின்றன. இரண்டாவதில் ஓர் அரண்மனை நாடகம் போட்டால் ஒரு நாட்டு ஆசிரியர்கள் மொத்தமும் ஏமாறலாம்.

இந்தக் கேள்விகளோடு பாரிஸ் கல்லறைக்குப் போவோம். ஹியூம் தன் கட்டுரையில் இந்த வழக்கை எதிராளிக்குச் சாதகமாகவே எடுத்து வைக்கிறார். நம்பகமான நீதிபதிகள் முன் விசாரணை, மதிப்புள்ள சாட்சிகள், படித்த காலம், உலகத்தின் கண்ணெல்லாம் பட்ட நகரம். எதிரிகளான இயேசு சபையினரால்கூட அவற்றைத் தெளிவாக மறுக்கவோ பித்தலாட்டம் என்று காட்டவோ முடியவில்லை என்கிறார். இத்தனை சாட்சிகளுக்கு எதிராக வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, அந்த நிகழ்ச்சிகளின் முழு நடக்கமுடியாமையைத் தவிர, என்று கேட்டு அதோடு முடித்துக்கொள்கிறார். கட்டுரையின் பலவீனமான இடம் இதுதான். தராசைத் தூக்கியவர், எடை போட வேண்டிய இடம் வந்தபோது கீழே வைத்துவிட்டார். எடை போட்டிருந்தால் கைக்கு நிறைய கிடைத்திருக்கும்.

சாட்சிகளில் தலையாயவர் கார்ரே த மோன்ஜெரோன். பாரிஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி. 1731இல் வேடிக்கை பார்க்கவும் குறை கண்டுபிடிக்கவும் கல்லறைக்குப் போனவர், அங்கேயே மனம் மாறி விசுவாசியானார். குணமானவர்களின் விவரங்களை ஆவணங்களோடு திரட்டிப் பெரிய புத்தகமாக அச்சிட்டு, 1737இல் வெர்சாய் அரண்மனைக்குப் போய் மன்னர் கையிலேயே கொடுத்தார். பரிசாகக் கிடைத்தது சிறை. அதற்குப் பின் விடுதலை கிடைக்காமல் 1754இல் இறந்தார். இந்த மனிதர் பொய் சொன்னார் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பதவியையும் வாழ்நாளையும் பணயம் வைத்தவர். ஆனால் அவருடைய துன்பம் நீக்குவது ஒரே ஒரு ஐயத்தைத்தான், அதாவது அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்பதை. அவர் தவறாகப் புரிந்துகொண்டாரா என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. அற்புத வாதங்களில் இந்த இரண்டும் கலந்துபோவது ஓயாமல் நடக்கிறது. ‘உயிரையே கொடுத்தார்களே, பொய்யா சொல்வார்கள்?’ என்பது நியாயமான கேள்விதான். பொய் சொல்லவில்லை என்பதே அதற்குப் பதில், ‘ஆகவே நடந்தது’ என்பது அந்தப் பதிலுக்குள் இல்லை.

புத்தகத்துக்குள் என்ன இருந்தது? ஆங்கிலேயப் போதகர் வில்லியம் பேலி 1794இல் இதைப் பிரித்துப் பார்த்தார். பேலி அற்புதங்களை நம்புகிறவர், கிறிஸ்தவத்துக்காக வாதாடவே அதை எழுதினார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளிகள் அந்தக் கல்லறைக்கு வந்தார்கள், ஆனால் மோன்ஜெரோனின் வரலாற்றில் குணமானதாக இருப்பவை ஒன்பதுதான் என்று அவர் காட்டினார். வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்களுக்குப் பக்கம் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வரும் எந்த இடத்திலும், அந்தந்த வாரத்தில் தானாகவே தேறும் கட்டத்தில் இருப்பவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவருக்கும் இருபது சாட்சி வைத்தால், சாட்சியம் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம், புத்தகம் தரும் தோற்றம் மட்டும் தவறாக இருக்கும்.

அந்த ஒன்பதிலும் பல நரம்பு சம்பந்தப்பட்டவை, மன எழுச்சியால் மாறக்கூடியவை என்று ஒதுக்கிவிட்டு, அப்படி ஒதுக்க முடியாத இரண்டைப் பேலி உற்றுப் பார்த்தார். இரண்டும் கண் சம்பந்தப்பட்டவை. ஒருவர் ஸ்பானிய இளைஞர், கண்ணில் கடும் அழற்சி. கல்லறைக்கு வருவதற்கு முன்பே மருந்தில் அழற்சி குறைந்துகொண்டிருந்தது. கல்லறைக்கு வந்த நாட்களிலும் அபினிச் சாறு கலந்த கண்மருந்து போட்டுக்கொண்டுதான் இருந்தார். குணமாகிச் சில காலத்தில் அழற்சி மறுபடி வந்தது. இன்னொருவருக்குத் தோல் தைக்கும் குத்தூசி கண்ணில் குத்தி, உள்ளிருந்த நீர் வெளியேறிப் பார்வை போயிருந்தது. அந்தப் பார்வை ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, கல்லறைக்கு வந்த நாட்களில் நன்றாகத் தெளிந்தது. கண்ணின் முன்பக்க நீர் வெளியேறினாலும் கண் அதை மறுபடி சுரந்துகொள்ளும் இயல்புடையது.

குணமடைந்த செய்தி ஒன்று என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று செய்திகள். இவருக்கு இன்ன நோய் இருந்தது, அது தானாக ஆறாது என்பது முதலாவது. இப்போது நோய் இல்லை என்பது இரண்டாவது. மாறியது இந்த நேரத்தில், இதனால் என்பது மூன்றாவது. கூட்டத்தில் நின்ற ஆயிரம் பேரும் சாட்சி சொல்ல முடிந்தது இரண்டாவதுக்கு மட்டும். ‘எங்கள் கண் முன்னால் நடந்தார்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். முதலாவதைச் சொல்ல மருத்துவர் வேண்டும், பழைய குறிப்பு வேண்டும், அது 1730களின் மருத்துவம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாவதை யாரும் கண்ணால் பார்க்கவே முடியாது, அது அனுமானம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும்போது நாம் பலமான செய்திக்குச் சாட்சியைக் குவித்துவிட்டு, பலவீனமான இரண்டையும் அதன் நிழலில் தப்பவிட்டுவிடுகிறோம்.

இதைக் கத்தோலிக்கத் திருச்சபை நன்றாகவே அறிந்திருந்தது. அதே ஆண்டுகளில், 1734க்கும் 1738க்கும் இடையில், புனிதர் பட்ட விசாரணைகளில் நெடுநாள் அனுபவம் உள்ள புரோஸ்பெரோ லாம்பர்தினி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1740இல் அவரே 14ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். குணமானதை அற்புதம் என்று ஏற்க அவர் வைத்த நிபந்தனைகள் கடுமையானவை. நோய் கடினமானதாக இருக்க வேண்டும், தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்து கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்திருந்தால் அது பயன்படவில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். குணம் திடீரென வர வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும், நோய் திரும்பக் கூடாது. லூர்து நகரில் இன்றும் குணமடைந்ததாக வரும் செய்திகளைச் சோதிக்க இந்த வரிசைதான் அடிப்படை. அங்கே 1883இல் அதற்கென்றே மருத்துவ அலுவலகம் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான செய்திகள் வந்தும் திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை நூறைக்கூட எட்டவில்லை.

இந்த நிபந்தனைகளைப் பாரிஸின் இரண்டு கண்களுக்கும் வைத்துப் பாருங்கள். ஸ்பானிய இளைஞரின் கண் மருந்து பற்றிய நிபந்தனையில் தோற்கிறது, அழற்சி திரும்பி வந்ததாலும் தோற்கிறது. மற்றவரின் கண், தானாகத் தேறிக்கொண்டிருந்தது என்ற இடத்திலேயே தோற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, இயற்கை விதி பற்றிய எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை. ஹியூமுக்கு இருந்த சாய்வு லாம்பர்தினிக்கு இல்லை, லாம்பர்தினியின் நம்பிக்கை ஹியூமுக்கு இல்லை. ஆனால் ஹியூம் தன் விதியால் வந்தடைய விரும்பிய முடிவுக்கு, இந்த இரண்டு கண்களைப் பொறுத்தவரை, லாம்பர்தினியின் நிபந்தனைகளே நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன.

ஹியூம் சொன்னவற்றில் நான் ஏற்க முடியாத ஒன்று உண்டு. அற்புதச் செய்திகள் பெரும்பாலும் அறியாமையில் மூழ்கிய, நாகரிகமற்ற மக்களிடையே பெருகுகின்றன என்பதை அவர் ஒரு காரணமாகவே வைக்கிறார். அவர் எடுத்த பெரிய உதாரணமோ பாரிஸ் நகரம், சாட்சியோ நீதிபதி. அந்தக் காரணத்தை அவருடைய வழக்கே உடைக்கிறது. இந்த இடத்தில் நம் நாட்டுத் தருக்கம் அவரைவிட நிதானமாக இருந்தது. நியாய சூத்திரம், ஆப்தர் உரைப்பதை உண்மையை அறியும் வழிகளில் ஒன்றாக, அதாவது ஓர் அளவையாக ஏற்கிறது. ஆப்தர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தன் உரையில் தரும் இலக்கணம், பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் என்பது. இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுதான் என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். சாட்சி எந்தக் குலம், எந்த நாடு என்று பார்க்காமல், அவர் எப்படி அறிந்தார் என்று பார்க்கும் அளவுகோல் அது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகளைப் பட்டியலிடும்போது ஐதிகம் என்று ஒன்று வரும். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதைக் கொண்டு தெளிவது அதற்கு உதாரணம். எல்லாரும் சொல்கிறார்கள், முதலில் பார்த்தது யார் என்று கேட்டால் ஆள் கிடையாது. பாபேஜின் கணக்கில் இது ஒரு சாட்சிகூட ஆகாது.

கடைசியாக, பத்து லட்சத்தில் ஒன்று என்று நாம் போட்டோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது? இதை ஹியூமால் சுலபமாகத் தாண்டிப்போக முடியவில்லை. தண்ணீர் உறையும் என்பதை முதலில் கேட்டபோது நம்ப மறுத்த இந்திய இளவரசன் ஒருவனை அவர் உதாரணம் காட்டுகிறார். அவனுடைய அனுபவத்தில் அது ஒருபோதும் நடந்ததில்லை, ஆகவே அவன் மறுத்தது சரியே என்கிறார். அதற்கு முன் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் இதே கதையை சயாம் மன்னரையும் டச்சுத் தூதரையும் வைத்துச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் யானை நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும் என்று தூதர் சொல்ல, இதுவரை நீர் சொன்னதையெல்லாம் நம்பினேன், இப்போதுதான் நீர் பொய்யர் என்று தெரிகிறது என்றாராம் மன்னர். பனிக்கட்டி உண்மை என்று நமக்குத் தெரியும். மன்னரின் அனுபவம் ஒரே சீரானது, ஆனால் வெப்பம் குறையாத நாட்டுக்குள்ளேயே முடிந்துபோன அனுபவம். தன் அனுபவத்தில் இல்லாததற்கு ஒருவர் பூஜ்யம் என்று மதிப்புப் போட்டால், எத்தனை சாட்சி வந்தாலும் பூஜ்யத்தோடு பெருக்கிப் பூஜ்யமே கிடைக்கும், அவர் புதிதாக எதையும் கற்கவே முடியாது. ஆகவே எவ்வளவு சிறியதானாலும் ஓர் எண்ணைப் போட்டாக வேண்டும்.

அந்த எண்ணைப் போடும்போதுதான் ஆளுக்கு ஆள் பிரிகிறோம். உலகில் தலையிடும் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று வேறு காரணங்களால் நம்புகிறவர் பத்து லட்சத்தில் ஒன்று என்று போடலாம். அப்படி நம்பக் காரணம் காணாதவர் நூறு கோடியில் ஒன்று என்று போடலாம். ஒன்றோடொன்று சேராத நாலு சாட்சிகள், ஒவ்வொருவரும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பகம். கடவுளை நம்புகிறவர் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய் நிற்பார், நம்பாதவர் ஒன்பது சதவீதத்துக்கும் கீழே நிற்பார். இருவரும் கணக்கில் தவறவில்லை, ஒரே சாட்சியத்தைத்தான் கேட்டார்கள். அதே தரத்தில் ஐந்தாவது சாட்சி ஒருவர் வந்தால் நம்பாதவரும் தொண்ணூறை எட்டிவிடுவார். பாரிஸ் கல்லறையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தும் ஐந்தாவது சாட்சி என்ன, ஒன்றோடொன்று சேராத இரண்டாவது சாட்சியைக்கூடத் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்தது.